புடவை ஒரு கடையில், தையல் ஒரு கடையில்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதக் காலையில், நாளிதழுக்குள் மடித்து வைத்த மஞ்சள் நோட்டீஸ் ஒன்று எங்கள் வீட்டு வாசலில் விழுந்தது. தென்மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றின் கடைத்தெருவில் இருக்கும் ஜவுளிக்கடையும், அதற்கு நேர் எதிர்ச் சந்தில் இருக்கும் பெண்கள் தையலகமும் சேர்ந்து அச்சிட்டது. மேலே பெரிய எழுத்தில் ‘இனி நாங்கள் பங்குதாரர்கள்!’ என்றிருந்தது. கீழே ‘எங்களிடம் புடவை வாங்கினால் பிளவுஸ் தையல் முற்றிலும் இலவசம்’. அவ்வளவுதான். எத்தனை ரூபாய்க்கு வாங்க வேண்டும், எத்தனை நாளில் தைத்துக் கிடைக்கும், லைனிங் துணி யார் கொடுப்பது என்று ஒரு வரிகூட இல்லை.

மூன்று வாரத்தில் அந்தத் தையலகத்தில் இருநூற்றுச் சொச்சம் பிளவுஸ் துணிகள் சேர்ந்துவிட்டன. அங்கே இருந்தவை மூன்று தையல் மிஷின்கள். முந்நூறு ரூபாய் பூனம் புடவை வாங்கியவர்களும் துணியோடு வந்து நின்றார்கள். லைனிங்குக்குத் தனியாக 150 ரூபாய் என்று அங்கே சொன்னபோது, ‘முற்றிலும் இலவசம்னுதானே போட்டிருந்தீங்க?’ என்று நோட்டீஸை நீட்டினார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் பிளவுஸ் கைக்கு வராத ஒரு பெண்ணின் அம்மா ஜவுளிக்கடைக்குப் போனார். அங்கே தையலகத்தைக் கைகாட்டினார்கள். தையலகத்தில் ஜவுளிக்கடையைக் கைகாட்டினார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவே அவர் நடந்த நடையைத் தெருவே பார்த்தது.

அடுத்த ஆண்டு அதே இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். இந்த முறை நோட்டீஸ் எழுத என்னையும் கூப்பிட்டார்கள். தையலகத்தின் வெட்டுமேசை மேல் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு மாலை உட்கார்ந்தோம். இரண்டு சிறு கடைகள் கைகோத்ததை ஊருக்குச் சொல்வதற்குமுன் தங்களுக்குள் எதையெல்லாம் பேசி முடிக்க வேண்டும் என்பது எனக்கு அந்த மேசையில்தான் புரிந்தது. நோட்டீஸின் ஒவ்வொரு வரியும், ‘கோளாறு வந்தால் வாடிக்கையாளர் முன்னால் போய் நிற்பது யார்?’ என்ற கேள்விக்கு முன்கூட்டியே கண்டுபிடித்த பதிலாக இருக்க வேண்டியிருந்தது.

முதலில் அடித்தது ‘பங்குதாரர்கள்’ என்ற சொல்லை. பேச்சில் அது கூட்டாளி, தோழர் என்ற அளவில்தான் வருகிறது. சட்டத்தில் அதற்கு எடை அதிகம். 1932ஆம் ஆண்டின் இந்தியப் பங்குதாரர் சட்டம், ஒரு தொழிலில் வரும் லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டவர்களின் உறவையே பங்குதாரர் உறவு என்கிறது. இவர்கள் லாபத்தைப் பங்கிடவில்லை. ஜவுளிக்கடை லாபம் ஜவுளிக்கடைக்கு, தையல் வரும்படி தையலகத்துக்கு. அப்படியிருக்க, பங்குதாரர் என்று ஊரறியச் சொல்லிக்கொண்டால் என்ன வரும்? அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு இங்கேதான் வருகிறது. ஒருவர் தன்னை ஒரு நிறுவனத்தின் பங்குதாரராகக் காட்டிக்கொண்டாலோ, பிறர் அப்படிக் காட்டும்போது தெரிந்தே சும்மா இருந்தாலோ, அதை நம்பி அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவருக்கு அவரும் பங்குதாரரைப் போலவே பொறுப்பாகிறார்.

ஜவுளிக்கடைக்குச் சரக்குக் கடனில்தான் வரும். மொத்த வியாபாரி ஒருவர் அந்த மஞ்சள் நோட்டீஸைப் பார்த்து, ‘தையலகமும் இதில் பங்குதானே’ என்று நம்பிக் கூடுதல் சரக்கு அனுப்பியிருந்து, பணம் வராமல் போயிருந்தால், மூன்று மிஷின் வைத்திருக்கும் அந்த அம்மாவின் வாசலிலும் வந்து நிற்க அவருக்கு இடமிருந்தது. இதைச் சொன்னபோது அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

“அண்ணாச்சி, நீங்க வாங்குற சரக்குக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?”

“ஒண்ணும் இல்ல தங்கச்சி. அதான் அந்தச் சொல்ல அடிக்கச் சொல்லுதாரு.”

அதற்குப் பதிலாக ‘இணைந்து வழங்கும் சலுகை’ என்று போட்டோம். கூடவே, ‘இரண்டும் தனித்தனிக் கடைகள்’ என்ற மூன்று சொற்களையும் சேர்த்தோம். கண்ணை இழுக்காத மூன்று சொற்கள்தான், ஆனால் அந்த நோட்டீஸில் இருவருக்கும் பெரிய காவல் அவைதான்.

அடுத்து ‘இலவசம்’. இந்தச் சொல்லை விட அண்ணாச்சிக்கு மனசே வரவில்லை. ஆடித் தள்ளுபடிக் காலத்தில் தெருவே இலவசம் இலவசம் என்று கூவும்போது நாம் மட்டும் விலை போட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்றார். நியாயமான கவலைதான். ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022இல் மத்திய அரசு வெளியிட்ட விளம்பர நெறிமுறைகள் இதில் தெளிவாக இருக்கின்றன. சலுகையைக் கேட்டு வருவதற்கும் பொருளைப் பெற்றுக்கொள்வதற்கும் தவிர்க்க முடியாமல் ஆகிற செலவைத் தவிர வேறு எதற்காவது வாடிக்கையாளர் காசு கொடுக்க வேண்டியிருந்தால், அதை இலவசம் என்று சொல்லக்கூடாது. லைனிங்குக்கு 150 ரூபாய் கேட்டால் அது இலவசத் தையல் அல்ல. நிபந்தனைகளை விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் போட வேண்டும் என்பதும் அந்த நெறிமுறைகளில் இருக்கிறது. தலைப்பைத் தமிழில் முழங்கிவிட்டு, அடியில் எறும்பு எழுத்தில் ‘Conditions apply’ என்று போடுவது சரிப்படாது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், வாசலில் நோட்டீஸை நீட்டி ஒருவர் கேட்கும்போது பதில் இல்லாமல் நிற்பதே ஒரு சிறு கடைக்குப் போதுமான தண்டனை.

எனவே விலையைப் போடுவது என்று முடிவானது. எந்த விலை? அதற்குத்தான் முதல் மாலை முழுவதும் போனது.

தையலகத்தில் லைனிங் வைத்த பிளவுஸுக்குக் கூலி 650 ரூபாய். அதில் லைனிங் துணிக்கு 110, நூல், ஹூக், பைப்பிங் இவற்றுக்கு 20, தைக்கும் பெண்ணுக்கு உருப்படிக் கூலி 220. ஆக 350 வெளியே போய்விடும். மீதி 300இல்தான் கடை வாடகை, கரண்டு, வெட்டிக் கொடுக்கும் அந்த அம்மாவின் உழைப்பு எல்லாம் அடங்க வேண்டும். எதிர்ப்பக்கம், 4,000 ரூபாய்ப் புடவையில் அண்ணாச்சிக்குச் சுமார் 1,000 நிற்கும் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டோம். முந்தைய ஆண்டு அவர் தையலகத்துக்கு ஒரு பிளவுஸுக்கு 150 தருவதாக வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். லைனிங்குக்கு வாடிக்கையாளரிடம் 150 வாங்கினாலும் மொத்தம் 300தான். உருப்படிக்கு 50 ரூபாய் கைநஷ்டம். அந்த ஆடியில் அவர் தைக்கத் தைக்கக் கையிருப்பு குறைந்ததன் காரணம் இதுதான், ஆனால் அந்த அவசரத்தில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

இந்த முறை 650 ரூபாயை மூன்றாகப் பிரித்தோம். வாடிக்கையாளர் தருவது 350. ஜவுளிக்கடை தருவது 200. தையலகம் விட்டுக்கொடுப்பது 100. தையலகத்துக்குக் கைக்கு வருவது 550. செலவு 350 போக 200 நிற்கும். வழக்கமான 300ஐவிடக் குறைவுதான். ஆனால் ஆடியில் கல்யாணங்கள் இல்லாததால் கல்யாணத் தையலும் வராது, மிஷின்கள் பாதி நேரம் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற மிஷினில் 200 என்பது அவருக்கு லாபம். புரட்டாசியிலோ தை மாதத்திலோ இதே சலுகையைப் போட்டால், முழுக் கூலி தரும் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு அரைக்கூலி வேலை செய்வதாகிவிடும் என்றார். சலுகைக்கு எந்த மாதம் என்பதை ஜவுளிக்கடை மட்டும் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

பிறகு எண்ணிக்கை. மிஷினுக்கு ஒரு நாளைக்கு நான்கு லைனிங் பிளவுஸ், மூன்று மிஷினுக்குப் பன்னிரண்டு. ஆடியில் வாடிக்கையாக வரும் வேலை எட்டு. மீதி இடம் நான்கு. இருபத்தைந்து வேலை நாளுக்கு நூறு. எனவே சலுகை நூறு கூப்பன்களோடு முடிய வேண்டும். ஜவுளிக்கடைப் பில் புத்தகத்தைப் புரட்டியபோது, 4,000 ரூபாய்க்கு மேல் போகும் புடவை நாளைக்கு நான்கைந்து இருந்தது. அவர்களில் சிலருக்குச் சொந்தத் தையற்காரர் இருப்பார், கூப்பன் வாங்க மாட்டார்கள். ஆகவே 4,000 என்ற வரம்பும் 100 என்ற எண்ணிக்கையும் ஒன்றுக்கொன்று பொருந்தின. வரம்பை 1,500 ஆக்கியிருந்தால் கூப்பன் ஒரே வாரத்தில் தீர்ந்துபோய், இரண்டாம் வாரம் வருகிறவர்களிடம் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டாம் மாலை, துணி போகும் வழியைப் பின்தொடர்ந்தோம். புடவை அலமாரியிலிருந்து இறங்குவதில் தொடங்கி, தைத்த பிளவுஸ் உடுத்துபவர் கைக்குப் போவது வரை. யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்குத் துணி மாறுகிறதோ, அங்கேதான் தகராறு பிறக்கிறது என்று அந்த அம்மாதான் சொன்னார். முப்பது வருடம் வெட்டிய கை.

முதல் கைமாற்றம், புடவையிலிருந்து பிளவுஸ் துணியை வெட்டுவது. பல புடவைகளில் அது முந்தானைக்கு எதிர்முனையில் புடவையோடு சேர்ந்தே வரும். வழக்கமாக 80 சென்டிமீட்டர். முழங்கை வரை கை வேண்டும், உடம்பும் சற்று அகலம் என்றால் அது பற்றாது, ஒரு மீட்டர் கேட்கும். இதைத் தையலகத்தில் போய்த் தெரிந்துகொண்டால் வாடிக்கையாளருக்குக் கோபம் வரும். எனவே விற்பனைப் பெண்ணே துணியை அளந்து, கூப்பனில் நீளத்தை எழுதித் தர வேண்டும் என்று வைத்தோம். வெட்டுவது ஜவுளிக்கடையில் இல்லை, தையலகத்தில். காரணம் இருக்கிறது. ஜவுளிக்கடையில் ஏழு நாளுக்குள் புடவையை மாற்றிக்கொள்ளலாம் என்ற வழக்கம் உண்டு. துணியை வெட்டிய பிறகு எந்தப் புடவையை மாற்றுவது? முந்தைய ஆண்டு இரண்டு பேர் பிளவுஸ் தைத்த பிறகு புடவை பிடிக்கவில்லை என்று வந்தார்கள். இந்த ஆண்டு நோட்டீஸிலேயே போட்டோம்: வெட்டுவதற்கு முன் மாற்றிக்கொள்ளலாம், வெட்டிய பிறகு நெசவுக் கோளாறு இருந்தால் மட்டும். அப்படிக் கோளாறு வெளிப்பட்டால் புதுப் புடவையும் ஜவுளிக்கடை பொறுப்பு, அதற்கு மறுபடி தைக்கும் கூலி 650ம் ஜவுளிக்கடை பொறுப்பு. தையலகத்துக்கு அதில் ஒரு ரூபாய் இழப்பும் வரக்கூடாது. இது நோட்டீஸில் வராது, இருவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத் தாளில் மட்டும்.

இரண்டாவது, சாயம். அடர் சிவப்பு, கரும்பச்சை, நீலம் போன்றவை சில சமயம் வெளிர் லைனிங்கில் சாயம் இறக்கும். தைத்துத் துவைத்த பிறகு தெரிந்தால், சாயம் போட்டவர் குற்றமா, நனைத்தவர் குற்றமா என்று முடிவில்லாத பேச்சு. அந்த அம்மா ஒரு எளிய வழி வைத்திருந்தார். வெட்டுவதற்கு முன் வெள்ளைப் பருத்தித் துணியை ஈரமாக்கி, பிளவுஸ் துணியின் உள் ஓரத்தில் அழுத்தித் தேய்ப்பது. வெள்ளையில் நிறம் ஏறினால் கத்தரி வைக்காமல் ஜவுளிக்கடைக்குப் போன். அதுவரை பொறுப்பு ஜவுளிக்கடையுடையது. தேய்த்துப் பார்க்காமல் வெட்டிவிட்டால் பொறுப்பு தையலகத்துடையது. கத்தரி விழும் நொடியை இருவருக்கும் நடுவிலான எல்லைக்கோடாக வைத்துக்கொண்டோம். அதன்பிறகு பல கேள்விகள் தாமாகவே தீர்ந்தன. லைனிங் துணியை முன்கூட்டியே நனைத்துக் காயவைக்காமல் தைத்து, முதல் துவைப்பில் அது சுருங்கி பிளவுஸ் இழுத்துக்கொண்டால் அது கத்தரிக்குப் பிந்தைய கோளாறு, தையலகத்துடையது.

மூன்றாவது, அளவு. உடம்பில் எடுத்த அளவா, கொண்டுவந்த அளவு பிளவுஸா என்பதைக் கூப்பனில் குறித்துவிட வேண்டும். அளவு பிளவுஸே சரியில்லாமல் இருந்தால் அதைப் பார்த்துத் தைத்ததும் அப்படித்தான் இருக்கும். எப்படியானாலும் வாங்கிய 15 நாளுக்குள் ஒரு முறை பிடித்துக் கொடுப்பதோ பிரித்துவிடுவதோ காசில்லாமல். அதற்காக உள்பக்கத் தையலில் ஒன்றரை அங்குலம் துணி விட்டே தைப்பார்கள். ப்ரின்சஸ் கட், ஆரி வேலை, முதுகில் நாட், குஞ்சம் எல்லாம் சலுகைக்கு வெளியே, வேண்டுமென்றால் தனிக் கூலி. இதை மட்டும் நோட்டீஸில் பெயர் சொல்லியே போடச் சொன்னேன். ‘கூடுதல் வேலைப்பாடுகளுக்குத் தனிக் கட்டணம்’ என்ற பொதுவரி, படிப்பவருக்கு எதையும் சொல்லாது.

பணம் வாங்குவதில் ஒரு சின்ன விவாதம் வந்தது. எல்லாவற்றையும் ஜவுளிக்கடையிலேயே ஒரே பில்லாக வாங்கிவிட்டு மாதக்கடைசியில் தையலகத்துக்குக் கொடுத்துவிடலாம், வாடிக்கையாளருக்கும் சுலபம் என்றார் அண்ணாச்சி. நான் வேண்டாம் என்றேன். அப்படி வாங்கினால் தையலையும் ஜவுளிக்கடையே விற்றதாகிவிடும். ஜிஎஸ்டி அந்தத் தொகைக்கும் சேரும், தையல் கோளாறுக்கும் முதல் ஆளாக அவரே நிற்க வேண்டும். தையலகத்தின் ஆண்டு வரவு 20 லட்ச ரூபாய்க்குள் இருப்பதால் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லாத சேவைத் தொழில் அது. அவர் ஜிஎஸ்டி வாங்கவும் முடியாது, வாங்க வேண்டியதும் இல்லை. எனவே புடவைக்கு ஜவுளிக்கடை பில், 350க்குத் தையலக ரசீது, இரண்டும் தனித்தனி. ஜவுளிக்கடை தரும் 200, ஒவ்வொரு சனிக்கிழமையும் கூப்பன் அடிக்கட்டைகளை எண்ணி, வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கைமாறும். மாதக்கடைசி வரை விடக்கூடாது என்பது அந்த அம்மாவின் நிபந்தனை. லைனிங் வாங்க அவருக்கு வாராவாரம் காசு வேண்டும். தன் கணக்கில் அவர் வரவு வைக்க வேண்டியது 350 இல்லை, 550 என்பதையும் அங்கேயே எழுதிவைத்தோம்.

இவ்வளவும் முடிந்த பிறகு நோட்டீஸ் எழுத அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கடைப்பெயர்களையும் தேதிகளையும் எடுத்துவிட்டு அதை இங்கே தருகிறேன்.

‘ஜவுளிக்கடையும் எதிர்ச் சந்துத் தையலகமும் இணைந்து வழங்கும் ஆடிச் சலுகை. இரண்டும் தனித்தனிக் கடைகள்.

ஜவுளிக்கடையில் 4,000 ரூபாய்க்கோ அதற்கு மேலோ ஒரு புடவை வாங்குபவருக்கு ஒரு தையல் கூப்பன். அந்தக் கூப்பனோடு தையலகம் வந்தால் 650 ரூபாய் லைனிங் பிளவுஸ் 350 ரூபாய்க்கு. லைனிங் துணியும் இதில் அடக்கம், வேறு எதுவும் கேட்க மாட்டோம்.

மொத்தம் 100 கூப்பன்கள். தீர்ந்ததும் சலுகை முடியும், இரு வாசல்களிலும் எழுதிவைப்போம்.

புடவை வாங்கிய 10 நாளுக்குள் துணியைத் தையலகத்தில் கொடுங்கள். கொடுத்த நாளிலிருந்து 10 வேலை நாளில் பிளவுஸ் தயார். தாமதமானால் 100 ரூபாய் குறைத்துக்கொள்வோம்.

ப்ரின்சஸ் கட், ஆரி வேலை, முதுகு நாட், குஞ்சம் ஆகியவற்றுக்குத் தனிக் கூலி. துணி வெட்டும்முன் சொல்லிவிடுவோம்.

துணி வெட்டும்வரை ஏழு நாளுக்குள் புடவையை மாற்றிக்கொள்ளலாம். வெட்டிய பிறகு நெசவுக் கோளாறு இருந்தால் மட்டும்.

புடவை பற்றி ஜவுளிக்கடையிலும், தையல் பற்றித் தையலகத்திலும் கேளுங்கள். எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் ஜவுளிக்கடைக்கு வாருங்கள், நாங்களே பேசி முடிப்போம்.’

கடைசி வரியைச் சேர்க்க அண்ணாச்சி யோசித்தார். தையல் கோளாறுக்கும் தன் கடைக்கு வருவார்களே என்றார். எப்படியும் வரத்தான் செய்வார்கள். கூப்பன் கொடுத்தது அவர் கடை, பெரிய வாசலும் அவருடையது. வருகிறவரை எதிர்ச் சந்துக்குத் திருப்பி அனுப்புவதா, உட்காரவைத்துத் தையலகத்துக்குத் தாமே போன் செய்வதா என்பதுதான் கேள்வி. மஞ்சள் நோட்டீஸ் ஆண்டில் தெருவின் நடுவே நின்ற அந்த அம்மாவை நினைவுபடுத்தினேன். வரி நின்றது.

10 நாளுக்குள் துணியைக் கொடுக்கச் சொன்னதற்கும் ஒரு காரணம் உண்டு. கூப்பனைப் பத்திரமாக வைத்திருந்து ஆடி முடியும் நேரத்தில் எல்லாரும் ஒரே வாரத்தில் வருவார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு வேண்டுமே! அப்போது நூறு கூப்பனும் ஒரு நாளைக்கு நான்கு என்ற கணக்கில் வராது. தேதி போட்டால் வேலை பரவலாக விழும். 10 நாள் தாண்டி வந்தவரைத் துரத்தவும் வேண்டாம், சலுகை விலையிலேயே வாங்கிக்கொள்ளலாம், ஆனால் 10 வேலை நாள் உறுதி அவருக்குக் கிடையாது என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். இதைக் கூப்பனின் பின்பக்கத்தில் அச்சிட்டோம்.

தாமதத்துக்கான 100 ரூபாயைத் தருவது தையலகம். ஆனால் நூற்றியோராவது கூப்பனை ஜவுளிக்கடை கொடுத்துவிட்டு, அதனால் வேலை குவிந்து தாமதமானால் அந்த 100ஐ ஜவுளிக்கடைதான் தர வேண்டும். ஒப்பந்தத் தாளில் அண்ணாச்சி இரண்டு முறை படித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட வரி இதுதான். கூப்பன்களுக்கு வரிசை எண் போட்டு அச்சடித்ததும் இதனால்தான். அதே தாளில், இடையில் யாருக்காவது தொடர முடியாமல் போனால் மூன்று நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், அதுவரை கொடுத்த கூப்பனுக்கெல்லாம் தைத்தே ஆக வேண்டும் என்றும் இருந்தது. மிஷின் பழுது, ஆள் வராதது, உடம்புக்கு முடியாதது எதுவானாலும், கூப்பன் வைத்திருப்பவருக்கு அந்தக் காரணம் சொல்லப்படக் கூடாது. அப்படி ஒரு நிலை வந்தால் வேறொரு தையற்காரரிடம் முழுக் கூலிக்குக் கொடுத்தாவது முடிப்பது என்றும், கூடுதல் செலவைப் பாதிப்பாதியாக ஏற்பது என்றும் எழுதினார்கள்.

நோட்டீஸ் அச்சுக்குப் போன நாளில் எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. இவ்வளவு நிபந்தனை போட்ட நோட்டீஸை யார் படிப்பார்கள்? அண்ணாச்சி கேட்டதும் முதல் நாளிலிருந்து அதைத்தான். படிக்கிறார்களோ இல்லையோ, கடையில் வேலை செய்யும் பெண்கள் படிக்க வேண்டும் என்று தோன்றியது. ஆடி முதல் நாளுக்கு முந்தைய சாயங்காலம் ஜவுளிக்கடையின் ஆறு விற்பனைப் பெண்களையும் தையலகத்தின் மூன்று பேரையும் ஒன்றாக உட்காரவைத்து, நோட்டீஸை வரிவரியாக வாசிக்கச் சொன்னோம். அப்போதுதான் ஒரு விற்பனைப் பெண் கேட்டார், “ஒரே பில்லுல ரெண்டாயிரத்துக்கு ரெண்டு புடவை எடுத்தா கூப்பன் உண்டாண்ணே?”

எங்கள் மூன்று பேர் தலையிலும் அது வரவில்லை. ‘4,000 ரூபாய்க்கு வாங்கினால்’ என்று மட்டும் போட்டிருந்தால் உண்டு என்றுதான் பொருள். நல்லவேளை, ‘ஒரு புடவை’ என்று போட்டிருந்தோம். ஆனாலும் கேட்பார்கள், பதில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று, ‘ஒரே புடவையின் விலைதான் கணக்கு, பில்லின் மொத்தம் அல்ல’ என்று கல்லா அருகே ஓர் அட்டையில் எழுதி ஒட்டினார்கள்.

அந்த ஆடியில் 94 கூப்பன்கள் போயின. 88 பேர் துணியோடு வந்தார்கள். மூன்று பிளவுஸ் தாமதமானது, மூன்றுக்கும் 100 ரூபாய் குறைத்தார்கள். சாயம் இறங்கிய துணி ஒன்று, கத்தரி விழும் முன்பே பிடிபட்டது. கூப்பன் வாங்கியும் வராத ஆறு பேரில் ஒருவர் ஆவணி பாதியில் வந்தார், 350க்கே தைத்துக் கொடுத்தார்கள். ஆடிக் கடைசி நாளன்று தையலக வாசலில் இருந்த நோட்டீஸை அந்த அம்மாவே கிழித்து எடுத்தார். ஜவுளிக்கடை வாசலில் இருந்ததை எடுக்க மறந்துவிட்டார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குள் இரண்டு பேர் அதைப் படித்துவிட்டுக் கூப்பன் கேட்டார்கள். நோட்டீஸ் தன் வாசலில் இருந்தபடியால், அந்த இரண்டு கூப்பனையும் கொடுத்து, தையலகத்துக்கு 300 வீதம் தானே கட்டினார் அண்ணாச்சி.